மறு: வானத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெள்ளைக் கோடு – தமிழில் என்ன?

மாலதி, சுங்கை சிப்புட்:
வணக்கம். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் படத்தொகுப்புப் பயிற்சித்தாள் எழுதுகிறேன். நாளை அச்சுக்குப் போக வேண்டும். செம்பனைத் தோட்டத்து வானத்தில் ஒரு விமானம், அதன் பின்னால் வெள்ளைக் கோடு, தள்ளி ஒரு வெப்பக்காற்று பலூன் சேர்ப்பதுதான் பாடம். அந்தக் கோட்டுக்கு நல்ல சொல் வேண்டும். பிள்ளைகள் 'ராக்கெட் புகை' என்கிறார்கள்.

முத்தையா:
அம்மா, முதலில் 'விமானம்' வேண்டாம். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூறு அன்றே சொல்லிவிட்டது. வானூர்தி என்றே எழுதுங்கள். கோட்டுக்குத் 'தாரை'. நீர்த்தாரை, கண்ணீர்த்தாரை என ஒழுக்கைக் குறிக்கும் பழஞ்சொல். ஊதுகொம்புக்கும் அதே பெயர்; இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது தனி ஆராய்ச்சி, பிறகு விரிவாக எழுதுகிறேன்.

குமரன், ஈப்போ:
ஐயா, ஜெட் எஞ்சினையே தாரை எந்திரம் என்கிறார்கள். எது எஞ்சின், எது கோடு என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

அக்கா, சொல் எதுவானாலும் 'புகை' மட்டும் உள்ளே வரக்கூடாது. புகை என்றால் சாம்பல் நிறத்தில், எஞ்சின் வாயிலிருந்தே வரைவார்கள். எஞ்சின் விடும் நீராவி கடுங்குளிரில் உறைந்து பனித்துகளாவதுதான் அந்தக் கோடு. உறையச் சற்று நேரம் பிடிப்பதால் விமானத்துக்கும் கோட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். இரண்டு எஞ்சின் என்றால் தொடக்கத்தில் இரண்டு கோடு, பின்னால் கலந்துவிடும். சுமார் −40 டிகிரிக் குளிர் வேண்டும். நம் பக்கம் அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில்தான். பிள்ளைகளின் படம் இருந்தால் அனுப்புங்கள்.

மாலதி:
ஒன்று அனுப்பியிருக்கிறேன். 24 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டகக் கேமரா, அகலம் 6000 பிக்சல். பையன் ஒட்டிய விமானம் 300 பிக்சல் நீளம். ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

சேகர்:
பலூன் என்றால் நான் சொல்கிறேன். மகள் கல்யாணப் பதாகையில் நானே ஐம்பது பலூன் ஒட்டினேன். நிழல் போட்டால் போதும், அழகாக வரும்.

குமரன்:
அண்ணே, அது வேறு பலூன். இது ஆள் ஏறிப் போவது. புத்ராஜெயாவில் விழா நடத்தினார்களே, அது.

அக்கா, கணக்கு போட்டால் தெரிந்துவிடும். 24-ஐச் சட்டக அகலம் 36-ஆல் வகுத்து 6000-ஆல் பெருக்கினால் 4000. இனி இது ஒன்றே போதும்:

```
பிக்சல் = பொருளின் நீளம் (மீ) × 4000 ÷ தூரம் (மீ)
```

போயிங் 737-800 ஏறக்குறைய 40 மீட்டர். 300 பிக்சல் வந்தால் அது அரை கிலோமீட்டர் தூரத்தில் பறக்கிறது என்று அர்த்தம். அங்கே வெள்ளைக் கோடு உண்டாகவே உண்டாகாது. கோடு வேண்டுமென்றால் விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அடிவானத்திலிருந்து 20 பாகை மேலே வைத்தால் நமக்கும் அதற்கும் 32 கிலோமீட்டர். அப்போது விமானம் 5 பிக்சல், வெறும் புள்ளி. கண்ணுக்குத் தெரிவது கோடு மட்டும்தான். பெரிய விமானமே வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், கோட்டை அழித்துவிட்டுச் சக்கரத்தை இறக்கி, தரையிறங்குவதாகக் காட்டட்டும்.

பலூன் 25 மீட்டர் உயரம் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டரில் 100 பிக்சல். ஆக, நம்பும்படியான படத்தில் பலூன்தான் பெரிது.

ஜெயா:
தூரத்தில் இருப்பதை நீலமாக்கிவிட்டால் சரியாகிவிடுமே? ஓவிய வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்.

குமரன்:
பாதி சரி. கரும்பகுதிதான் வெளுத்து, பக்கத்து வானத்தின் நிறத்தை வாங்கும். வெள்ளைக் கோடு அடிவானம் நெருங்க நெருங்க மங்கிக் கொஞ்சம் மஞ்சளாகும். புகைமூட்டக் காலத்துப் படத்தில் நீலம் தடவினால் பல்லிளிக்கும். ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறத்தை எடுத்து இருண்ட பகுதிகளில் ஏற்றுங்கள். அப்புறம் இன்னொன்று: திரள்மேகத்தின் அடி ஒரு கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். கோடு அதற்கு மேலே. மேகத்தின் முன்னால் கோடு ஓடினால் படம் போச்சு. மேகம் கோட்டை மறைக்கும்படி வெட்டுங்கள்.

மாலதி:
புரிந்தது, தம்பி. சொல்? 'உறைதடம்' என்று போடட்டுமா?

ஜெயா:
எனக்குச் சம்மதம். ஆனால் பிள்ளைகள் 'உறை' என்றால் தலையணை உறை என்றுதான் நினைப்பார்கள். 'பனிக்கோடு' என்றால் கேட்டதும் புரியும்.

முத்தையா:
தடம் என்பது காலடி பட்ட நிலத்துக்குரியது. வானில் ஏது காலடி?

குமரன்:
பேருந்து வழித்தடத்தில் யார் காலடி, ஐயா? நான் உறைதடத்துக்கு.

சேகர்:
நானும். பலூனை மாற்றாதீர்கள்.

மாலதி:
உறைதடம் என்றே அடிக்கிறேன். பிள்ளைகளுக்காக முதல் இடத்தில் மட்டும் 'பனிக்கோடு' என்றும் சேர்த்துவிடுகிறேன். விமானம், பலூன் இரண்டும் அப்படியே இருக்கும், ஐயா மன்னிக்கவும்.

முத்தையா:
அடியுங்கள். என் மறுப்பு மறுப்புதான். தாரை பற்றிய கட்டுரை நாளை வரும்.