பட்டைக்குக் கீழே அச்சாகும் எண்வரிக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். நூலக மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளி இரவு ஒப்படைக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நூலகங்கள் புத்தகங்களின் பின்னட்டையை பிடிஎஃப் கோப்பாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கோப்பில் உரையை நகலெடுத்தால் பார்கோடு வராது. கோடுகளுக்குக் கீழே அச்சாகியிருக்கும் 13 இலக்கங்கள் வரும். அவற்றை எடுத்துத் தேடுபெட்டியில் இடுங்கள் என்கிறது உதவிப் பக்கம். அந்த இலக்க வரிக்கு மூலத்தில் 'ஹியூமன் ரீடபிள் இன்டர்ப்ரெட்டேஷன்' என்று பெயர். இதற்கு முன் மொழிபெயர்த்தவர் 'மனிதர் படிக்கக்கூடிய விளக்கம்' என்று போட்டிருக்கிறார். அங்கே விளக்கம் எதுவும் இல்லையே, கோடுகளில் இருக்கும் அதே எண்தானே இருக்கிறது? நான் யோசித்தது 'வாசிப்பெண்'. கருத்துச் சொல்லுங்கள்.

பரணி, திங்கள் மதியம்

சொல்லுக்கு முன்னால் ஒரு திருத்தம். பார்கோடு உரையாக வராது என்று எழுதினால் தவறு. பல இடங்களில் பார்கோடு என்பது ஓர் எழுத்துரு, அவ்வளவுதான். எண்ணைத் தட்டிவிட்டு எழுத்துருவை மாற்றினால் கோடுகளாகத் தெரியும். நகலெடுத்தால் எண்ணே வந்துவிடும். அந்த வாக்கியத்தையே நீக்கிவிடலாமே.

'வாசிப்பெண்' வேண்டாம். திரையில் வரி மடங்கும் இடத்தில் 'வாசிப் பெண்' என்று நிற்கும்.

செல்வி, திங்கள் மாலை

பரணி சொல்வது பாதி சரி. நூலகத்துக்குள் ஒட்டும் சேர்க்கை எண் சீட்டுகளில் 'கோடு 39' எழுத்துரு உண்டு. அதை நகலெடுத்தால் `*04512*` என்று வரும். இரு பக்கமும் உள்ள உடுக்குறிகள் கோடு தொடங்கும், முடியும் இடங்களைக் குறிப்பவை. அவற்றை நீக்காமல் தேடினால் புத்தகம் கிடைக்காது.

பின்னட்டையில் இருப்பதோ வேறு வகை. அதில் ஒரே இலக்கம் இடப்பாதியில் ஒரு வடிவமாகவும் வலப்பாதியில் வேறு வடிவமாகவும் வரும். அதனால் எழுத்துருவில் அமைத்திருந்தாலும் நகலெடுத்தால் எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் கிடைக்கும். பெரும்பாலும் எழுத்துருவே இருக்காது, வரைந்த கோடுகளாகவோ படமாகவோ இருக்கும். ஆகவே வாக்கியம் இருக்கட்டும்.

உரையாகக் கிடைப்பது எப்படி இருக்கும் என்பதையும் கயல் பார்த்துவிடுவது நல்லது:

```
ISBN 978-0-306-40615-7
9 780306 406157
```

மேல்வரி பட்டைக்கு மேலே இருப்பது, கீழ்வரி அடியில் இருப்பது. கீழ்வரி மூன்று துண்டாக இருப்பதைப் பாருங்கள். முதல் 9-க்கென்று தனிக் கோடுகள் கிடையாது. அடுத்த ஆறு இலக்கங்களை எந்தெந்த வடிவில் வரைந்திருக்கிறார்கள் என்பதற்குள் அது ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அச்சிலும் பட்டைக்கு வெளியே இடப்பக்கம் தனியாக நிற்கிறது. நகலெடுக்கிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இந்த 9-ஐத்தான். மிஞ்சும் 12 இலக்கத்தைப் பெட்டியில் இட்டுவிட்டுப் புத்தகமே இல்லை என்கிறார்கள். 'இடைவெளிகளை நீக்குக, 13 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுக' என்று உதவிப் பக்கத்தில் சேர்க்க முடியுமா?

சொல்லுக்கு என் பரிந்துரை 'அடியெண்'. பட்டைக்கு அடியில் இருப்பது. பார்த்ததும் புரியும்.

இராமநாதன், திங்கள் இரவு

அன்புள்ள கயல், 'குறியீடு' என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். குறி, இடு: குறியாக இடப்பட்டது. நம் இலக்கணத்தில் குறிப்புக்கு மறுதலை எது? வெளிப்படை. குறிப்பாற் பொருள் தரும் சொல், வெளிப்படையாகப் பொருள் தரும் சொல் என்று இரண்டாக வகுத்திருக்கிறார்கள். பட்டை குறிப்பால் சொல்கிறது, அதன் கீழுள்ள வரி அதையே வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே 'வெளிப்படை எண்'. ஆயத்தமாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகப் புனைவானேன்?

'பார்கோடு' பற்றியும் ஒன்று. அதை அயற்சொல் என்று தள்ளுகிறவர்கள் 'பார்' என்ற வினையடியும் 'கோடு' என்ற பெயரும் சேர்ந்த வினைத்தொகையாக அதைக் கண்டால் என்ன? பார்த்த கோடு, பார்க்கின்ற கோடு, பார்க்கும் கோடு என முக்காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, மக்களும் 'பார்க்கோடு' என்று சொல்வதில்லை. ஊறுகாய், சுடுசோறு வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது.

பரணி, திங்கள் இரவு

ஐயா, அது ஒலி தற்செயலாகப் பொருந்தியது. அதை வைத்து அயற்சொல் தமிழ்ச்சொல் ஆகிவிடாது. 'வெளிப்படை' என்றால் இன்று நிர்வாகத்தில் ஒளிவுமறைவு இல்லாமை என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். இலக்கண வகுப்பு யாருக்கு நினைவிருக்கிறது? 'படியெண்' என்று வைக்கலாம், சுருக்கமாக இருக்கிறது.

இராமநாதன், செவ்வாய் காலை

ஒலி பொருந்தித்தான் எத்தனையோ வந்தசொல் நம்முடையதாகியிருக்கிறது, தம்பி. நினைவில் இல்லாததை நினைவூட்டுவதும் கலைச்சொல்லின் வேலைதான்.

செல்வி, செவ்வாய் காலை

'படியெண்' வேண்டவே வேண்டாம். நூலகத்தில் 'படி எண்' என்றால் ஒரே புத்தகத்தின் எத்தனையாவது பிரதி என்று பொருள். பட்டியல் முழுக்கக் குழம்பிவிடும்.

முருகேசன், செவ்வாய் மதியம்

வணக்கம். எனக்கும் இதே பிரச்சினைதான். கடை ரசீதை பிடிஎஃப்பாக அனுப்புகிறோம். அதில் உள்ள பணம் கட்டும் கியூஆரை வாடிக்கையாளர் கைப்பேசியில் பிடிஎஃப்பைத் திறந்து நகலெடுத்தால் ஒன்றும் வரவில்லை என்கிறார். இன்னொரு கைப்பேசியும் அவரிடம் இல்லை. அதற்கு என்ன செய்வது?

பரணி, செவ்வாய் மதியம்

முருகேசன், இங்கே பேசுவது பெயர் வைப்பது பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். வாடிக்கையாளரைத் திரையைப் படம்பிடித்துவைத்துக்கொண்டு, பணம் கட்டும் செயலியில் ஸ்கேன் பகுதிக்குப் போய் படத்தொகுப்பிலிருந்து அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கியூஆரைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடக் கூடாது. நாலு கட்ட அகலமாவது வெற்றிடம் இல்லாவிட்டால் படிக்கத் திணறும். கணினியில் நீங்களே சோதிக்க:

```
pdftoppm -r 300 -png bill.pdf pakkam
zbarimg -q --raw pakkam-1.png
```

முதல் வரி பக்கத்தையே படமாக்குகிறது. பிடிஎஃப்பிலிருந்து படங்களை மட்டும் பிரித்தெடுக்கும் `pdfimages` பல நேரம் உதவாது. கியூஆரைப் படமாக வைக்காமல் சிறுசிறு சதுரங்களாக வரைந்திருந்தால் அதற்கு ஒன்றுமே அகப்படாது.

செல்வி, செவ்வாய் மாலை

முருகேசன் கேட்டது தலைப்புக்கு வெளியே இல்லை. அவர் ரசீதில் கியூஆருக்குக் கீழே யூபிஐ முகவரி அச்சாகியிருக்கும் அல்லவா? வாடிக்கையாளர் அதை நகலெடுத்துச் செயலியில் ஒட்டியே பணம் கட்டலாம். ஆனால் அந்த வரியும் பின்னட்டையில் உள்ள 13 இலக்கமும் ஒன்றல்ல.

13 இலக்க வரி கோடுகளில் உள்ளதை ஒன்றுவிடாமல் அப்படியே சொல்கிறது. கியூஆருக்குக் கீழே உள்ளதோ யாரோ பக்கத்தில் எழுதிவைத்தது. கியூஆருக்குள் 7,089 இலக்கம் வரை கொள்ளும், எல்லாவற்றையும் அடியில் அச்சடிக்க முடியாது. மேலே சொன்ன கட்டளையில் வருவது `upi://pay?pa=` என்று தொடங்கும். `pa=` என்பதற்குப் பின்னால் இருக்கும் முகவரிக்குத்தான் பணம் போகும். கடைப்பலகையில் ஒருவர் வேறு கியூஆரை மேலே ஒட்டிவிட்டுப் போனாலும் கீழே உள்ள எழுத்து மாறாது. அங்கே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும்.

பார்கோடு தரத்தை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பெயரிட்டிருக்கிறது. கயல், உங்களுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு சொல் வேண்டும்.

கயல், புதன் காலை

செல்வி அம்மா, மிக்க நன்றி. ஆனால் 'அடியெண்' பற்றித் தயக்கம் இருக்கிறது. நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டிலேயே ஒரு வரி பட்டைக்கு மேலே இருக்கிறது. 'கோடு 39' சீட்டில் எழுத்தும் கலந்துவரும், அதனால் 'எண்' என்பதும் பொருந்தவில்லை. 'வாசிப்பு வரி' என்றால்?

இன்னொரு கேள்வி. பின்னட்டையைப் படமாக வருடி அனுப்பினால் 13 இலக்கமும் உரையாக வராது. எழுத்துணரி கொண்டு எடுக்கவேண்டும். அது தப்பாகப் படித்தால் எப்படித் தெரியும்?

செல்வி, புதன் மதியம்

வடிவமைப்பாளர் இலக்கங்களையும் வரைகோடாக மாற்றியிருந்தால் வருடாத பிடிஎஃப்பிலும் அதே கதைதான். கடைசி இலக்கம் அதற்காகவே இருக்கிறது. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள்:

```
9+21+8+0+3+0+6+12+0+18+1+15 = 93
```

93-லிருந்து அடுத்த பத்தின் மடங்கு 100-க்கு எவ்வளவு வேண்டும்? 7. கடைசி இலக்கமும் 7, சரி. எழுத்துணரி ஏதோ ஓர் இலக்கத்தை, 0-வை 8 என்பதுபோல, தப்பாக எடுத்தால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும். முன்னால் நிற்கும் 9 விட்டுப்போனாலும் காட்டிக்கொடுக்கும்.

கையால் தட்டும்போது வரும் பிழை வேறு. அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறும். இதே எண்ணில் கடைசிப் பகுதியில் '61' இருக்கிறது. அதை '16' என்று தட்டினால் 18+1 என்பது 3+6 ஆகி, கூட்டுத்தொகை 83 ஆகும். 90-க்கு வேண்டியதும் 7. பிழையான எண் சரி என்று நுழைந்துவிடும். இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதெல்லாம் இப்படித்தான். அதனால் தட்டச்சிடச் சொல்லாதீர்கள், நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். தட்டியே ஆகவேண்டும் என்றால், வந்த தலைப்பும் அட்டையில் உள்ள தலைப்பும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

'வாசிப்பு வரி' எனக்குச் சம்மதம்.

பரணி, புதன் இரவு

எனக்கும் சம்மதம். எழுத்துரு பற்றி நான் சொன்னது 'கோடு 39' சீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், ஏற்கிறேன். 'வரி' என்றால் கட்டும் வரி என்று தோன்றுமோ என்ற ஐயம் இருந்தது. நூலகத்தில் தோன்றாது, கடை ரசீதில் தோன்றலாம். இரண்டாவது சொல்லுக்கு, அதாவது பக்கத்தில் எழுதிவைத்ததற்கு, 'துணையெழுத்து'?

இராமநாதன், வியாழன் காலை

'துணையெழுத்து' கூடவே கூடாது. அது கால், கொம்பு, கொக்கிக்கு உரிய பெயர். பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும்.

'வாசிப்பு வரி'யில் எனக்கு உடன்பாடில்லை. எந்த வரியைத்தான் வாசிக்க முடியாது? இந்த வரியின் தனித்தன்மை, மறைத்துச் சொன்னதையே திறந்து சொல்வது. செல்வி அம்மையார் வகுத்த வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. கோடுகளில் உள்ளதை அப்படியே சொன்னால் வெளிப்படை, பக்கத்தில் வேறொன்றைச் சொன்னால் அது வெளிப்படை ஆகாது. 'வாசிப்பு வரி' என்று சொன்னால் முருகேசனின் யூபிஐ முகவரியும் அதற்குள் வந்துவிடும்.

கயல், வெள்ளி மாலை

ஐயா சொன்ன கடைசிக் காரணத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இருந்தும் மூவர் 'வாசிப்பு வரி' என்றிருக்கிறோம், நேரமும் முடிந்துவிட்டது. அதையே இட்டு அனுப்புகிறேன். வாக்கியம் இப்படி:

'பகிர்ந்த ஆவணத்தின் உரையிலிருந்து பார்கோட்டையும் கியூஆரையும் படிக்க இயலாது. பார்கோட்டுக்குக் கீழே உள்ள வாசிப்பு வரியை நகலெடுத்து, இடைவெளிகளை நீக்கி ஒட்டுக. 13 இலக்கம் இருக்கவேண்டும்.'

இரண்டாவது சொல் கிடைக்கவில்லை. இப்போதைக்கு 'கியூஆருக்கு அருகில் உள்ள எழுத்து' என்று விரித்தே எழுதிவிட்டேன்.

இராமநாதன், வெள்ளி இரவு

அனுப்புங்கள் அம்மா. அடுத்த பதிப்புக்கு 'வெளிப்படை வரி' என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'எண்' வேண்டாம் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

முருகேசன், வெள்ளி இரவு

திரையைப் படம்பிடித்துச் செயலியில் தேர்ந்தெடுத்ததும் வேலை செய்துவிட்டது, நன்றி. ரசீதில் கியூஆருக்குக் கீழே முகவரி இல்லாமல் கடைப் பெயர்தான் இருக்கிறது. அதற்கு என்ன பெயர்?