50 டிகிரி டேப்பர் சப்பையாக வருகிறது, கம்பவுண்ட் ரெஸ்டில் எங்கே தப்பு? (அவசரம்)

சுருள்தூள்
ஒரு வால்வு பிளக்கின் முனையில் சின்னக் கூம்பு கடைய வேண்டும். டிராயிங்கில் 50 டிகிரி. கம்பவுண்ட் ரெஸ்டைச் சரியாகத்தான் திருப்பி வைத்தேன், ஆனால் கூம்பு வராமல் தட்டு மாதிரி சப்பையாக வருகிறது. இரண்டு ஜாப் வீணாகிவிட்டது. டூல் சரியில்லையா? நாளைக்குள் முடிக்க வேண்டும்.

அரைமில்லி
"சரியாகத்தான்" என்றால் எத்தனை டிகிரி? 50 என்பது முழுக் கோணமா, ஒரு பக்கத்துக் கோணமா? பெரிய முனை, சின்ன முனை, நீளம் மூன்றையும் போடுங்கள்.

எண்ணெய்க்கை
நிச்சயம் பாதியாக்க மறந்திருப்பீர்கள் நண்பரே. டிராயிங்கில் இருப்பது முழுக் கோணம், லேத்தில் வைப்பது அதில் பாதி. 25 வைத்தால் முடிந்தது.

பழையடர்னர்
கம்பவுண்டைத் திருப்பவே தெரியாமல் வால்வு வேலையை எடுத்தால் இப்படித்தான் ஆகும். முதலில் டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பாரும் தம்பி. டேப்பர் கெட்டுப்போனால் பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் காரணம். இதையெல்லாம் நாங்கள் முதல் மாதத்திலேயே படித்துவிட்டோம்.

மோர்ஸ்3
எனக்கும் இதே தொல்லை. மோர்ஸ் டேப்பர் ஷாங்க் ஒன்று கடைந்தேன், ஒரு முனையில் ஆடுகிறது. டெயில்ஸ்டாக்கைத் தள்ளி வைத்ததும் சரியானது. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

அரைமில்லி
அது வேறு கதை. மோர்ஸ் டேப்பர் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை டிகிரி அளவுதான், நீளமும் அதிகம். 25 டிகிரிக்கு டெயில்ஸ்டாக்கை எவ்வளவு தூரம் தள்ளுவீர்கள்? ஜாப் சென்டரிலேயே உட்காராது. குட்டையான, செங்குத்தான டேப்பருக்குக் கம்பவுண்ட்தான் வழி.

சுருள்தூள்
பாதியாக்கத்தான் செய்தேன், எண்ணெய்க்கை. முழுக் கோணம் 50, ஸ்கேலில் 25 வைத்தேன். டூலும் சென்டரில்தான் இருக்கிறது. பெரிய முனை 30 மி.மீ., சின்ன முனை 10. கூம்பு நீளம் டிராயிங்கில் 21.4, வந்திருப்பது 5 கூட இல்லை.

அரைமில்லி
இந்த நீளத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஆரத்தில் இறங்க வேண்டியது 10 மி.மீ. அச்சோடு 25 டிகிரி இருந்தால் நீளம் 21.4 வரும். 65 டிகிரி இருந்தால் 4.7தான் வரும். உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது, அதாவது முழுக் கோணம் 130.

இதிலிருந்து உங்கள் ஸ்கேலின் ஜீரோ எங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம். கம்பவுண்டை ஜீரோவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுங்கள். டூல் படுக்கைக்கு இணையாகப் போகிறதா, கிராஸ் ஸ்லைடு போகும் திசையிலேயே போகிறதா? கிராஸ் ஸ்லைடு திசை என்றால் ஸ்கேல் காட்டுவது குறுக்குத் திசையிலிருந்து எடுத்த கோணம். நமக்கு வேண்டியது அச்சிலிருந்து 25. அப்போது ஸ்கேலில் 90 கழித்தல் 25, அதாவது 65 வைக்க வேண்டும்.

பழையடர்னர் சொன்ன டூல் உயரமும் முக்கியம்தான். ஆனால் டூல் ஒரு முழு மில்லி தாழ்ந்திருந்தாலும் இந்த ஜாப்பில் சின்ன முனை ஆரம் 5-க்குப் பதில் 5.1 ஆகும், பக்கவாட்டும் லேசாகக் குழியும். ஒரு பக்கத்துக் கோணத்தில் கால் டிகிரிகூட மாறாது. 50 டிகிரியை 130 ஆக்கும் சக்தி அதற்கு இல்லை.

பழையடர்னர்
ஜீரோ என்றால் படுக்கைக்கு இணை. நான் ஓட்டிய எல்லா லேத்திலும் அப்படித்தான். குறுக்கே ஜீரோ வைப்பவன் மெஷின் கட்டத் தெரியாதவன்.

பித்தளைமூக்கு
அப்படியெல்லாம் இல்லை சார். திரெட் வெட்டும்போது கம்பவுண்டை 29.5 வைக்கிறோமே, அது குறுக்குத் திசையிலிருந்து எடுத்த கோணம்தானே. அதற்கு இந்த ஸ்கேல்தான் வசதி.

பழையடர்னர்
29.5 எதற்கு? 30 வையும். அந்த அரை டிகிரி புத்தகம் படித்தவர்கள் கண்டுபிடித்தது.

பித்தளைமூக்கு
அந்த அரை டிகிரி இல்லாவிட்டால் டூலின் பின்பக்கம் திரெட்டில் உராய்ந்து படிப்படியாகக் கோடு விழும். பின்பக்கத்தையும் லேசாகச் சீவிக்கொண்டே போகத்தான் அது.

எண்ணெய்க்கை
நான் நேராகவே உள்ளே விடுகிறேன், கம்பவுண்டைத் தொடுவதே இல்லை. இன்றுவரை ஒரு நட்டும் திரும்பி வந்ததில்லை.

அரைமில்லி
திரெட் சண்டைக்குத் தனி இழை திறங்கள்.

சுருள்தூள்
பார்த்தேன், ஜீரோ குறுக்கேதான் இருக்கிறது. ஆனால் ஸ்கேலில் 60 வரைதான் கோடு, 65 இல்லவே இல்லை. இப்போது என்ன செய்வது?

எண்ணெய்க்கை
60-இல் வைத்து இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள் :)

அரைமில்லி
விளையாட்டாகச் சொன்னாலும் தொடக்கம் அதுதான். 60 தாண்டி கண்மதிப்பாகத் திருப்பி, புரோட்ராக்டரை வைத்து அரை டிகிரிக்குள் கொண்டுவந்து விடுங்கள். முடிவை டயல் கேஜில் பாருங்கள்.

சக்கில் நேரான, ஓட்டமில்லாத வட்டக் கம்பி ஒன்றைப் பிடியுங்கள். பிளஞ்சர் வகை டயல் கேஜை டூல் போஸ்டில் கட்டுங்கள், 10 மி.மீ. ஓட்டம் உள்ளதாக இருக்கட்டும். பிளஞ்சர் சென்டர் உயரத்தில், கம்பியின் அச்சுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பொய் சொல்லும். முதலில் கேரேஜை மட்டும் நகர்த்துங்கள். முள் அசையாவிட்டால் கம்பி நேராக இருக்கிறது. பிறகு கேரேஜைப் பூட்டிவிட்டுக் கம்பவுண்டைச் சரியாக 20 மி.மீ. நகர்த்துங்கள். காட்ட வேண்டியது இது:

```
20 × sin 25° = 8.45
```

கூடக் காட்டினால் கோணம் அதிகம், குறைந்தால் குறைவு. நட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு பார்த்ததைத்தான் நம்ப வேண்டும். கைப்பிடியை ஒரே பக்கமாகச் சுற்றி வந்து அளவெடுங்கள், இல்லாவிட்டால் ஸ்குரூவின் தளர்ச்சியும் கணக்கில் புகுந்துவிடும்.

மோர்ஸ்3
ஓ, இதே முறை என் ஷாங்குக்கும் ஆகுமா?

அரைமில்லி
அங்கே கோணம் சின்னது, 20 மி.மீ.க்கு முள் அரை மில்லிதான் நகரும். சின்னத் தப்பே பெரிதாகிவிடும், கம்பவுண்ட் ஓட்டமும் ஷாங்க் நீளத்துக்குப் போதாது. உங்களுக்கு டெயில்ஸ்டாக்தான்.

சுருள்தூள்
முதல் தடவை 8.60 காட்டியது. தட்டித் தட்டி 8.46-க்குக் கொண்டுவந்தேன். கூம்பு நீளமும் சரியாக வருகிறது, நன்றி. ஆனால் புளூ பூசி சீட்டில் வைத்துப் பார்த்தால் பெரிய முனைப் பக்கம் மட்டும் வட்டமாக ஒட்டுகிறது.

பழையடர்னர்
நான்தான் சொன்னேனே, டூல் உயரம்.

அரைமில்லி
பெரிய முனையில் மட்டும் ஒட்டுகிறது என்றால் பிளக் கோணம் சீட்டைவிடக் கொஞ்சம் அதிகம். டயலில் 8.46 வந்திருக்கும்போது எனக்குச் சந்தேகம் சீட் மேல்தான். டூல் தாழ்ந்திருந்தால் பிளக் கோணம் குறையும், கூடாது. சீட்டை எப்படிக் கடைந்தார்கள், அது உண்மையிலேயே 50-ஆ? அளந்து பார்த்தீர்களா?

பித்தளைமூக்கு
மூன்று நாள் ஆகிறது, ஆளைக் காணோம்.