டிவிக்கு HDMI போட்டதிலிருந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல், என்ன செய்யலாம்?

வேளச்சேரி வாசு
டெஸ்க்டாப்போடு இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். இரண்டிலும் உள்ளேயே ஆம்ப் இருக்கிறது, தனித்தனி மூன்று பின் பவர் கார்டு. சிபியுவின் பின்பக்கப் பச்சை ஜாக்கிலிருந்து 3.5 மி.மீ. டூ ஆர்சிஏ கேபிள் போகிறது. இவ்வளவு நாளும் அமைதியாகத்தான் இருந்தது. போன வாரம் படம் பார்க்க டிவிக்கு ஒரு HDMI இழுத்தேன். அன்றிலிருந்து பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைகிறது. விண்டோஸில் வால்யூமைப் பூஜ்யம் ஆக்கினாலும் மாற்றமில்லை. ஸ்பீக்கரின் பின்னால் உள்ள திருகைக் குறைத்தால் மட்டும் குறைகிறது. விலை கூடிய HDMI கேபிள் வாங்கினால் சரியாகுமா?

செந்தில் ஆடியோ
கேபிள் மாற்றிப் பயனில்லை நண்பா, இது கிரவுண்ட் லூப். எர்த் இரண்டு வழியாக வருவதால் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஸ்பீக்கர் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிவிட்டு, இல்லாவிட்டால் இரண்டு பின் அடாப்டர் போட்டுச் செருகுங்கள். இரைச்சல் உடனே போய்விடும். நான் இரண்டு கச்சேரி மேடைகளில் இப்படித்தான் சமாளித்தேன்.

பழைய ரேடியோக்காரர்
செந்தில் தம்பி நோயைச் சரியாகப் பிடித்தார், மருந்துதான் விபரீதம். இரைச்சல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் உலோகப் பின்தகடுள்ள ஸ்பீக்கரில் உள்ளே இன்சுலேஷன் போனால் ஃபேஸ் நேராகத் தகட்டுக்கு வரும். எர்த் இருந்தால் ஃபியூஸோ எம்சிபியோ போகும். இல்லாவிட்டால் தொடுகிறவர் வழியாகப் போகும். எர்த் பின்னை யாரும் கழற்ற வேண்டாம்.

வாசு, முதலில் இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம். ஸ்பீக்கரில் செருகியிருக்கும் ஆர்சிஏ பின்களை உருவிவிடுங்கள், பவர் ஆனிலேயே இருக்கட்டும். அமைதியாகிவிட்டால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. அப்புறம் ஆர்சிஏயைச் செருகி, HDMIயை மட்டும் உருவிப் பாருங்கள். அதிலும் அமைதியானால் HDMIயைத் திரும்பச் செருகி, டிவியின் பின்னால் போய் செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதைக் கழற்றும்போது ஒரு கையில் ஒயரின் உலோகத் தலையும் மறு கையில் சிபியு தகடும் படக்கூடாது. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

மீனா கே
எங்கள் வீட்டுப் பழைய 2.1 செட்டிலும் இதே இரைச்சல்தான் சார். எதையும் இணைக்காமல் பவர் மட்டும் போட்டாலே சப் ஊஃபரில் 'ஹூம்ம்'. ஐசோலேட்டர் ஒன்று வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. நானும் டிவி ஒயரைக் கழற்றிப் பார்க்கவா?

பழைய ரேடியோக்காரர்
மீனாம்மா, உங்களுடையது வேறு கதை. ஒன்றும் இணைக்காமலே இரைகிறது என்றால் லூப் உருவாக இடமே இல்லை. பவர் சப்ளையில் டயோடுக்கு அடுத்து நிற்கும் பெரிய கப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம், உப்பாமலும் கெடும். ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், அதனால் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

வேளச்சேரி வாசு
அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ஆர்சிஏவை உருவினால் சுத்த அமைதி. HDMIயை உருவினாலும் அமைதி. HDMI இருக்கும்போது செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழற்றினேன், டக்கென்று நின்றது! திரும்பத் திருகியதும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மீட்டரோடு வந்தார். கழற்றிய கேபிளின் வெளி உலோகத்துக்கும் சிபியு தகட்டுக்கும் நடுவே ஏசியில் 40 வோல்ட் பக்கம் காட்டியது. பிளக் பாயின்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 வோல்ட்டுக்கும் கீழேதான், எர்த் நன்றாக இருக்கிறது என்றார். டிவி கேபிளில் எப்படி வோல்டேஜ் வரும்?

பழைய ரேடியோக்காரர்
தெருவில் இருக்கும் எத்தனையோ வீட்டுச் செட்டாப் பாக்ஸ்கள் இரண்டு பின் அடாப்டரில் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் பவர் சப்ளையிலும் சின்னக் கசிவு உண்டு. எல்லாம் அந்த ஒயரின் வெளி வலையில் சேரும். கம்பத்தில் அதை ஒழுங்காக எர்த் செய்யாதபோது, அது உங்கள் வீட்டு எர்த்தைத் தேடிக்கொண்டு வருகிறது. செட்டாப் பாக்ஸ், டிவி, HDMIயின் வெளி உறை, சிபியு தகடு, இதுதான் பாதை. சிபியுவிலிருந்து தரைக்குப் போக அதற்கு இரண்டு வழி. ஒன்று சிபியுவின் சொந்த எர்த் ஒயர். இன்னொன்று உங்கள் ஆர்சிஏ கேபிளின் வெளி வலை வழியாக ஸ்பீக்கருக்குப் போய் அங்கிருந்து எர்த். இந்த இரண்டாவது வழிதான் வில்லங்கம். அந்த வலையேதான் பாட்டு சிக்னலுக்கும் திரும்பும் ஒயர், அதனால் அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் பாட்டோடு சேர்ந்துவிடுகின்றன. விண்டோஸ் வால்யூமுக்கு அடங்காததும் அதனால்தான், அது கம்ப்யூட்டருக்கு வெளியே கலக்கிறது.

மீட்டர் காட்டும் 40 வோல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இப்படிப்பட்ட கசிவு பெரும்பாலும் லோடு கொடுத்ததும் படுத்துவிடும். ஆனாலும் கேபிள்காரரிடம் சொல்லுங்கள், கையில் 'சுருக்' என்று அடித்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலில் காசில்லாத வேலை. சிபியு, டிவி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள்.

வேளச்சேரி வாசு
செருகிவிட்டேன். குறைந்திருக்கிறது, ஆனால் ராத்திரி ஃபேனை நிறுத்தினால் கேட்கிறது. ஸ்பீக்கரில் ஆர்சிஏ தவிர டிஆர்எஸ் என்று எழுதிய பெரிய துளையும் இருக்கிறது. அது உதவுமா?

செந்தில் ஆடியோ
ஆடியோ ஐசோலேட்டர் போட்டுவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள், ஒயரே நேராகத் தொடாது. என் காரில் ஆல்டர்னேட்டர் சத்தத்துக்கு அதுதான் கைகொடுத்தது.

பழைய ரேடியோக்காரர்
ஐசோலேட்டர் வேலை செய்யும், இதில் செந்தில் சொல்வது சரி. மலிவானவற்றில் அடி பேஸ் கொஞ்சம் தேயும். காரில் தெரியாது, மானிட்டர் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி கேட்டால் தெரியும்.

பெரிய துளை இருக்கிறது என்றால் அதையே பிடிக்கலாம். அது பேலன்ஸ்டு இன்புட். உள்ளே நடுவில் இரண்டு ஒயர்களும் வெளியே வலையும் உள்ள மைக் கேபிள், மெல்லியதாக, இரண்டு துண்டு வாங்குங்கள். ரிச்சி தெருவில் அளந்து வெட்டித் தருவார்கள். ஸ்பீக்கர் பக்கம் டிஆர்எஸ் பிளக்கில் சிவப்பு ஒயரை முனைக்கும், வெள்ளையை நடு வளையத்துக்கும், வலையை அடிப்பகுதிக்கும் ஒட்டுங்கள். 3.5 பிளக் பக்கம் இடது கேபிளின் சிவப்பு முனைக்கு, வலது கேபிளின் சிவப்பு வளையத்துக்கு, இரண்டு வெள்ளையும் அடிப்பகுதிக்கு. இந்தப் பக்கம் வலையை எதோடும் சேர்க்காதீர்கள், வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. வலையை இரண்டு பக்கமும் ஒட்டினால் மறுபடி பாதை திறந்துவிடும். ஸ்பீக்கர் இரண்டு ஒயருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், இரண்டிலும் ஒன்றுபோல் வரும் இரைச்சல் கழிந்துவிடும். 3.5 பிளக்கின் மூடிக்குள் இரண்டு கேபிள் நுழைவது கஷ்டம், உலோக மூடியுள்ள பெரிய சைஸ் பிளக்காகக் கேளுங்கள்.

வேளச்சேரி வாசு
கடைக்காரர் வலையை இரண்டு பக்கமும் ஒட்டப் பார்த்தார், 'எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்' என்று. நீங்கள் எழுதியதைக் காட்டித்தான் ஒட்ட வைத்தேன். செட்டாப் பாக்ஸ், HDMI எல்லாம் செருகியே இருக்கிறது, 'ம்ம்ம்' அடியோடு போய்விட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

இப்போதுதான் இன்னொன்று காதில் விழுகிறது. பெரிய பக்கத்தை மவுஸால் உருட்டும்போதும், கேம் திறக்கும்போதும் கீச்சென்று மெல்லிய சத்தம். உருட்டுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது.

பழைய ரேடியோக்காரர்
அதே பச்சை ஜாக்கில் ஹெட்ஃபோனைப் போட்டுக் கேளுங்கள். அதிலும் கேட்டால் மதர்போர்டின் சவுண்ட் பகுதியிலேயே கிராஃபிக்ஸ் கார்டின் சத்தம் கலக்கிறது, எந்தக் கேபிளும் அதைத் தீர்க்காது. வெளியே ஒரு யூஎஸ்பி டாக் வைக்க வேண்டியிருக்கும். அப்போதும் யூஎஸ்பி ஒயர் வழியாக அந்தக் கீச் வரும் வீடுகள் உண்டு. ஹெட்ஃபோனில் கேட்காவிட்டால் சொல்லுங்கள், வேறு இடத்தில் தேடுவோம்.

மீனா கே
கப்பாசிட்டர் 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் என்று போட்டிருக்கிறது, கடையில் 35 வோல்ட்தான் இருக்கிறதாம். போடலாமா சார்?

செந்தில் ஆடியோ
வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையத்தான் கூடாது. உயரம் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.