பொங்கல் ரீலுக்குக் கேப்ஷனும் ஹேஷ்டேக்கும்: கரும்பு, மஞ்சள் விற்பவர்களின் அனுபவங்கள்

சுங்கை பாக்காப் தோட்டக்காரர்

வணக்கம். செபராங் பிறையில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தோட்டம் ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வெட்டி, பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் பட்டர்வொர்த்திலும் விற்கிறோம். இம்முறை அப்பா கரும்பு வெட்டுவதையும் அம்மா மஞ்சள் கொத்துகளைக் கழுவிக் கட்டுவதையும் படமெடுத்து, இன்ஸ்டாகிராமுக்கு அரை நிமிட ரீல் ஒன்றைத் தயார் செய்திருக்கிறேன். கேப்ஷனும் ஹேஷ்டேக்கும் மட்டும் பாக்கி. உங்களில் யாருக்கு எது கைகொடுத்தது என்பதைச் சொல்லுங்கள்.

ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியர்

தம்பி, பொங்கல் வாழ்த்துக்கு வெண்பா வேண்டுமானால் நான் இரண்டு எழுதித் தருகிறேன். அட்டையில் அச்சிட்டால் அழகாக இருக்கும்.

சுங்கை பாக்காப் தோட்டக்காரர்

மிக்க நன்றி ஐயா. பொங்கலன்று வாழ்த்துப் பதிவு போடும்போது கட்டாயம் உங்களிடம் கேட்கிறேன். இந்த ரீல் முன்பதிவு வாங்குவதற்கானது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா, கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிப்பவர்

தம்பி, ரீல் ஓடும்போது கேப்ஷனில் கண்ணுக்குத் தெரிவது முதல் வரி மட்டுமே. மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் படிக்க முடியும். ஆகவே, 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்பதை முதல் வரியில் வைத்தால் விற்பனைக்குரிய செய்தி முழுவதும் மறைந்துவிடும். என்ன கிடைக்கும், எங்கே, எந்த நாளில் என்ற மூன்றும் முதல் வரியிலேயே வர வேண்டும். வாழ்த்து கடைசி வரியில் இருக்கட்டும்.

சென்ற ஆண்டு நான் கவனித்த பூக்கடை ஒன்றில், தொலைபேசியில் வந்த கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தோம். 'கரும்பில் தோகை இருக்குமா?', 'மஞ்சள் கிழங்கோடு வருமா, வெறும் இலையா?', 'என்றைக்கு வெட்டியது?' ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் வாடியிருந்தால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? 'ஜனவரி 12 அன்று வெட்டுகிறோம்' என்ற வரியைச் சேர்த்த பிறகு முன்பதிவு செய்தவர்கள் மறுபடி அழைத்துக் கேட்கவில்லை. 'பசுமையான', 'தரமான' போன்ற சொற்களை எல்லாரும் எழுதுகிறார்கள். வெட்டும் நாளை எழுதுபவர்கள் குறைவு.

இன்னொன்று. பொங்கலுக்கு மலேசியாவில் பொது விடுமுறை இல்லாததால், பலரும் வேலை முடிந்து மாலையில்தான் வாங்க வருகிறார்கள். வந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கேப்ஷனில் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் இளைஞர்

ஹேஷ்டேக்கைப் பொறுத்தவரை, முப்பது வரை போடலாம் என்பதால் முழுவதையும் நிரப்பிவிடுங்கள் அண்ணா. #pongal தான் மிகப் பெரியது. அதை முதலில் வையுங்கள். தமிழ் எழுத்திலும் ஒன்று சேருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

தமிழ் எழுத்தில் ஒன்று வேண்டும் என்பது சரி. முப்பது என்பது பழைய கணக்கு. 2025 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் அதை ஐந்தாகக் குறைப்பதாக அறிவித்தது. ஐந்துதான் என்றால் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் போட வேண்டும். #pongal பெரியது என்பது உண்மை, ஆனால் அதில் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பதிவுகள். மதுரையில் இருப்பவர் பார்த்து மகிழலாம்; பட்டர்வொர்த்துக்கு வந்து கரும்பு வாங்க மாட்டார். நம் நாட்டு நாளிதழ்களும் பேரங்காடி விளம்பரங்களும் பெரும்பாலும் ponggal என்று இரண்டு g போட்டு எழுதுகின்றன, இங்குள்ளவர்களும் அப்படியே தட்டித் தேடுகிறார்கள். எனவே #ponggal, #ponggal2026 இரண்டும் உங்களுக்குப் பயன்படும். இடத்துக்கு #littleindiapenang போதும்.

தமிழ் ஹேஷ்டேக்கில் சொற்களுக்கு நடுவே இடைவெளியோ சிறுகோடோ வந்தால், முதல் சொல்லோடு அது அறுந்துவிடும். #பொங்கல்கரும்பு என்று சேர்த்து எழுதுங்கள். பதிவிட்டவுடன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முழுச் சொல்லும் நிறம் மாறி, அதற்குரிய பக்கம் திறந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

பாயான் லெப்பாஸ் காய்கறி வியாபாரி

என் அனுபவம் சற்று வேறு. என்னிடம் கரும்பு வாங்குவோரில் பாதிப் பேர் ஹொக்கியன் சீனர்கள். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, வானுலகப் பேரரசராக வணங்கும் தீ கோங் தெய்வத்தின் வழிபாட்டு மேசையின் இரு பக்கமும் அவர்கள் முழுக் கரும்பைக் கட்டுவார்கள். 2026இல் அது பிப்ரவரி 24 இரவு. சென்ற முறை என் பொங்கல் ரீலைப் பார்த்த ஒரு சீனப் பெரியவர் கடைக்கே வந்து, படத்தில் தெரிந்த கரும்பை விரலால் காட்டி, வேரும் தோகையுமாக நான்கு கழி வேண்டும் என்றார். கேப்ஷனின் தமிழ் வரி அவருக்குப் புரியவில்லை. #Tebu என்ற மலாய்ச் சொல்லின் வழியாகத்தான் ரீல் அவருக்குக் கிடைத்ததாம். அன்று முதல் மலாயில் ஒரு வரி சேர்த்தே எழுதுகிறேன்.

கிள்ளான் கீரைத் தோட்டக்காரர்

#organik போடுவதற்கு முன் யோசியுங்கள். என் பக்கத்தில் அப்படிப் போட்டதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், myOrganic சான்றின் எண்ணைக் கேட்டார். நாங்கள் மருந்து அடிப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. இப்போது 'பூச்சிமருந்து அடிக்காமல் வளர்த்தது' என்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சுங்கை பாக்காப் தோட்டக்காரர்

எங்களிடமும் சான்று இல்லை என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். எல்லாரும் சொன்னதை வைத்து எழுதிய வரைவு இது:

"தோகையோடு கரும்பு, கிழங்கோடு மஞ்சள்: ஜனவரி 13, 14, பினாங்கு லிட்டில் இந்தியா.
12ஆம் தேதி எங்கள் தோட்டத்தில் வெட்டுகிறோம். ஜோடிக் கரும்பு 18 ரிங்கிட், மஞ்சள் கொத்து 5 ரிங்கிட். மாலை 6 முதல் 9 வரை வந்து எடுத்துக்கொள்ளலாம், பட்டர்வொர்த்திலும் கிடைக்கும்.
Tebu dan pokok kunyit segar untuk Ponggal.
முன்பதிவுக்கு எங்கள் பக்கத்தின் முகப்பில் உள்ள வாட்ஸ்அப் இணைப்பைத் தொடுங்கள். பொங்கலோ பொங்கல்!
#ponggal #ponggal2026 #littleindiapenang #tebu #பொங்கல்கரும்பு"

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

நன்றாக இருக்கிறது. வாட்ஸ்அப் இணைப்பை முகப்பில் வைத்தது மிகச் சரி, கேப்ஷனுக்குள் wa.me இணைப்பைப் போட்டால் தொட்டாலும் திறக்காது. நம் குடும்பக் குழுக்களில் பலர் ரீலைத் தரவிறக்கி வீடியோவாக மட்டும் அனுப்புவதால் கேப்ஷன் கூடப் போகாது. ஆகவே தேதி, இடம், தொலைபேசி எண் மூன்றையும் படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். தேதியோடு 2026 என்பதும் இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு யாராவது பழைய வீடியோவை அனுப்பி, உங்களை 13ஆம் தேதி அழைப்பார்கள்.

ஜெலுத்தோங் இளைஞர்

விலையைக் கேப்ஷனில் போட வேண்டாம் என்பது என் கருத்து, அண்ணா. விலை தெரியாதபோதுதான் மக்கள் கேட்டு எழுதுகிறார்கள். கருத்துகள் கூடினால் ரீலும் கூடுதலாகப் பரவும்.

பாயான் லெப்பாஸ் காய்கறி வியாபாரி

எனக்கு அதில் உடன்பாடில்லை, தம்பி. விலை கேட்டு எழுதிய நூறு பேருக்குப் பதில் சொல்லவே பொங்கல் வாரத்தில் நேரமிருக்காது. கழியைச் சுமந்து நிற்கும்போது போனை எப்படி எடுப்பது?

சுங்கை பாக்காப் தோட்டக்காரர்

வீட்டிலும் இதே வாதம்தான். விலை இருக்க வேண்டும் என்கிறார் அம்மா, தங்கை வேண்டாம் என்கிறாள். கரும்பின் விலையை மட்டும் வைத்து, மஞ்சளுக்கு விலை சொல்லாமல் நாளை காலை பதிவிடுகிறேன். அதற்குள் ஒன்று கேட்க வேண்டும்: தோகையுடன் கரும்பு சிறிய காரில் ஏறாது என்று சிலர் வெட்டித் தரச் சொல்கிறார்கள். அதையும் கேப்ஷனில் எழுதலாமா, நேரில் பார்த்துக்கொள்ளலாமா?