புதுப்பிப்பு: பர்ச்சேஸ் ஆர்டர் படத்திலிருந்து அட்டவணை எடுப்பது

முன்பு கேட்டது: "பொருள் விவரம் மூன்று வரியாக மடங்கினால் மூன்று பொருளாக வருகிறது. இணைந்த டெலிவரி தேதிக் கட்டம் முதல் பொருளுக்கு மட்டும் போகிறது. என்ன செய்ய?"

பெரும்பாலும் சரியாகிவிட்டது. "அளவு இல்லாத வரியை மேல் வரியோடு ஒட்டுங்கள்" என்ற யோசனை பாதிதான் பலித்தது. இந்தப் படத்தில் எண்கள் கட்டத்தின் நடு உயரத்தில் நிற்கின்றன. அதனால் விவரத்தின் முதல் வரி முந்தைய பொருளோடு ஒட்டிக்கொண்டது.

கோடுகளைப் பார்க்கச் சொன்னவர்தான் சரி. ஓபன்சிவியில் கிடைக்கோடுகளைத் தனியே பிரித்தேன். விவரப் பத்தியில் இரு கோடுகளுக்கு இடையே விழும் சொற்களெல்லாம் ஒரே பொருள். தேதிப் பத்தியில் அதே உயரத்தில் கோடு இல்லையென்றால் அது இணைந்த கட்டம். தேதியை அது தொடும் எல்லாப் பொருளுக்கும் நிரப்பலாம். இணைந்த தொகைக் கட்டத்தை மட்டும் அப்படி நிரப்பாதீர்கள், மொத்தம் ஊதிவிடும்!

அளவை விலையால் பெருக்கித் தொகையோடு ஒப்பிடுவதும் உதவியது: 12 × 45-க்கு 340 என்று வந்தது, ஓசிஆர் 5-ஐ 3 ஆகப் படித்திருந்தது.

தன் பிடிஎஃப் பற்றிக் கேட்டவருக்கு: எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஓசிஆரே வேண்டாம்.

கோடே இல்லாத ஆர்டர்கள் இன்னும் படுத்துகின்றன. வரி இடைவெளியை வைத்து முயல்கிறேன்.