பார் சார்ட் போட்டேன், எந்த வேலை தேதிய தள்ளுதுன்னு குழப்பம்

தஞ்சாவூர் பக்கம் 850 சதுர அடி தரைத்தளம் மட்டும், ரூஃப் காங்கிரீட் போட்டாச்சு. எக்ஸல்ல பார் சார்ட் போட்டப்போ 44 நாள்ல முடியும்னு வந்துச்சு, மேஸ்திரி பாத்துட்டு சிரிச்சாரு, ஏன்னா சென்ட்ரிங் பிரிக்க விடுற 14 நாள நான் போடவே இல்ல, யாரும் வேலை செய்யலன்னா கோடு வேணாம்னு நெனச்சுட்டேன்.

இப்ப காத்திருப்பையும் தனி கோடா போட்டாச்சு. 14 நாள், அப்புறம் எலக்ட்ரிக்கல் பைப்புக்கு சுவர் வெட்ட 5, உள்பூச்சு 12, க்யூரிங் 7, டைல்ஸ் 8, பெயின்ட் 12, மொத்தம் 58. வெளிப்பூச்சு வரிசை 32 நாள்தான், அது தள்ளினாலும் தாங்கும்.

பிரச்சனை கதவு ஜன்னல்தான். பெயின்ட் 47வது நாள் ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னாடி கதவு மாட்டியிருக்கணும், ஆசாரி 40 நாள்னு சொன்னதால 6 நாள் இடைவெளி இருந்துச்சு. இப்ப 50 ஆகுங்குறாரு, அப்ப முடியுறது 62. வேற ஆசாரி கேட்டுப் பாத்தேன், யாருக்கும் தேதி இல்ல.

டைல்ஸ்க்கு இன்னொரு ஆள் போட்டு 8 நாள 5 ஆக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. ஆசாரி 50 நாள் எடுத்தா அந்தக் கூலி முடிக்குற தேதிய ஒரு நாளாவது கொறைக்குமா, இல்ல வீணா?