60 கிலோஹெர்ட்ஸுக்கு மாறியும் லேட்டன்சி பாதியாகவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

தனிவலைக்காரன்

தொழிற்கூடம் ஒன்றுக்கான தனி 5ஜி வலையில் வேலை செய்கிறேன். தானியங்கி வண்டிகளில் இருந்து வரும் நிறுத்த சமிக்ஞைதான் எங்கள் தலைவலி. பாக்கெட் சின்னது, ஆனால் அப்லிங்கில் சீக்கிரம் வந்து சேர வேண்டும். 30 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் இடைவெளியில் ஓடிக்கொண்டிருந்தது. 60-க்குப் போனால் ஸ்லாட் 0.5 மில்லிசெகண்டில் இருந்து 0.25 ஆகும், தாமதமும் பாதியாகும் என்பதுதான் திட்டக் குழுவின் கணக்கு. 60-ஐ ஏற்கும் மோடம்களைத் தேடிப் பிடித்து மாற்றினோம். ரேடியோ பகுதியை மட்டும் அளந்தபோது குறைந்தது சுமார் அரை மில்லிசெகண்ட். முன்பு 3 முதல் 5.5 வரை இருந்தது, இப்போது 2.5 முதல் 5 வரை.

கான்ஃபிக் இது:

```
referenceSubcarrierSpacing      kHz30
dl-UL-TransmissionPeriodicity   ms2p5
nrofDownlinkSlots               3
nrofDownlinkSymbols             10
nrofUplinkSlots                 1
nrofUplinkSymbols               2
```

இதே மாதிரி மாற்றிப் பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

சிக்னல்செல்வன்

ஸ்லாட் பாதியானால் தாமதம் பாதியாகித்தான் ஆக வேண்டும் நண்பரே. 14 சிம்பல் அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு சிம்பலும் பாதி நேரம். உங்கள் ஷெட்யூலர் இன்னும் பழைய வேகத்திலேயே முடிவெடுக்கிறது என்று நினைக்கிறேன். வெண்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட்டை அந்தக் கலப்பு ஸ்லாட்டின் கடைசி இரண்டு அப்லிங்க் சிம்பலில் வையுங்கள். அரை மில்லிசெகண்ட் முன்னதாகவே போய்விடும். நாங்கள் ஒரு தளத்தில் அப்படிச் செய்து பலன் பார்த்தோம்.

நள்ளிரவு_78

என் போனில் 5ஜி சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் கேம் ஆடும்போது பிங் 40-க்குக் கீழே வருவதே இல்லை. இந்த 60 கிலோஹெர்ட்ஸ் எந்த செட்டிங்ஸில் இருக்கிறது? டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தேடிவிட்டேன்.

ஆய்வகவாசி

@நள்ளிரவு_78 தம்பி, அதைப் போனில் மாற்ற முடியாது. எந்த இடைவெளி என்பதை நெட்வொர்க்தான் சொல்லும், போன் கீழ்ப்படியும். நீங்கள் பார்க்கும் 40-இல் ரேடியோவின் பங்கு சிறிய பகுதிதான். மிச்சமெல்லாம் கோர், ஃபைபர், கேம் சர்வர் இருக்கும் தூரம்.

@தனிவலைக்காரன் உங்கள் கான்ஃபிக்கிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது வரியைப் பாருங்கள். `ms2p5` என்பது நேரம், ஸ்லாட் எண்ணிக்கை அல்ல. முதல் வரியில் அடிப்படை இடைவெளி 30 என்று நிற்கிறது. மோடத்தின் பேண்ட்விட்த் பார்ட்டை 60-க்கு மாற்றினாலும், காற்றில் டவுன்லிங்க் எப்போது, அப்லிங்க் எப்போது என்ற வரைபடம் துளியும் நகராது. ஒரு அப்லிங்க் ஸ்லாட் இருந்த இடத்தில் இப்போது பாதி நீளத்தில் இரண்டு இருக்கின்றன. அவ்வளவுதான் மாற்றம்.

கையால் போட்டுப் பார்க்கலாம். ஸ்லாட் தொடங்கும்போது பாக்கெட் தயாராக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30-இல், அப்லிங்க் ஸ்லாட் தொடங்கிய மறுகணம் பாக்கெட் வந்தால் அடுத்த அப்லிங்க் வரை 2.5 காத்திருக்க வேண்டும். அதில் ரிக்வெஸ்ட் போகும். பேஸ் ஸ்டேஷன் அதைப் படித்து, அடுத்த சுற்றின் டவுன்லிங்கில் கிராண்ட் தரும். டேட்டா போக மறுபடி அப்லிங்க் வர வேண்டும், அது 5.0-இல். ஸ்லாட் முடிய 5.5. அதிர்ஷ்டம் இருந்து அப்லிங்குக்குச் சற்று முன் பாக்கெட் வந்தால், ரிக்வெஸ்ட் உடனே போய், டேட்டா 2.5-இல் தொடங்கி 3.0-இல் முடியும். நீங்கள் அளந்ததும் 3 முதல் 5.5 தானே?

60-இல் இதே கணக்கைப் போட்டால் 2.5 முதல் 5 வரும். கடைசி ஸ்லாட் கால் மில்லிசெகண்ட் சுருங்கியது, இரண்டாவது அப்லிங்க் ஸ்லாட்டைப் பிடிக்க முடிவதால் இன்னொரு கால். ஷெட்யூலர் மேல் குற்றமில்லை.

@சிக்னல்செல்வன், ரிக்வெஸ்ட்டைக் கலப்பு ஸ்லாட்டில் வைத்தால் அது முன்னதாகப் போகும் என்பது உண்மை. ஆனால் அதன் பின்னால் வருவது அப்லிங்க் ஸ்லாட். கிராண்ட் கொடுக்க அங்கே டவுன்லிங்க் இல்லை. கிராண்ட் எப்படியும் அடுத்த சுற்றில்தான், டேட்டாவும் அதே இடத்தில்தான். இந்தப் பேட்டர்னில் அந்த யோசனை எதையும் மிச்சப்படுத்தாது.

மீனா_ஆர்எஃப்

என் அனுபவம் தாமதம் பற்றியதல்ல, 60 வந்தபின் உடைந்த ஒன்றைப் பற்றியது. இங்கே சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

பெரிய கூடத்தில் ஒரே செல்லைப் பல ரேடியோ ஹெட்களில் ஒளிபரப்பும் அமைப்பு. எல்லாம் ஒரே சிக்னல், ஃபைபர் நீளம் மட்டும் வேறு வேறு. 30-இல் சுத்தமாக ஓடியது. 60-க்கு மாற்றியதும் இரண்டு ஹெட்களுக்கு நடுவே ஒரு பட்டையில் டேட்டா விழ ஆரம்பித்தது. விசித்திரம் என்னவென்றால் அங்கே சிக்னல் பலம் நன்றாகவே இருந்தது, இரண்டு பக்கமும் பலமாக வருகிறதல்லவா. ஆனால் மாடுலேஷன் மேலே ஏறவே இல்லை, ஏறினால் பிளாக் எரர். எந்த ஒரு ஹெட்டையாவது அணைத்தால் அதே இடம் சரியாகிவிடும்! பலம் குறைந்தால் தரம் கூடுகிறது என்றால் அது கவரேஜ் பிரச்சினை இல்லை என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

காரணம் சைக்ளிக் பிரிஃபிக்ஸ். 30-இல் அது 2.34 மைக்ரோசெகண்ட், 60-இல் 1.17. அந்த இரண்டு ஹெட்களின் ஃபைபர் நீள வித்தியாசம் சுமார் 300 மீட்டர். ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மைக்ரோசெகண்ட், ஆக வித்தியாசம் 1.5. பழைய பிரிஃபிக்ஸுக்குள் அடங்கியது, புதியதில் வெளியே வழிந்து அடுத்த சிம்பலைக் கெடுத்தது. 60-க்கு மட்டும் நீண்ட பிரிஃபிக்ஸ் உண்டு, 4.17 வரும், ஆனால் ஸ்லாட்டில் 14-க்குப் பதில் 12 சிம்பல்தான் மிஞ்சும். எங்களிடம் இருந்த மோடம்கள் அதை ஏற்கவும் இல்லை. குட்டை ஃபைபர் இருந்த ஹெட்டில் தாமதத்தைக் கூட்டிச் சமப்படுத்தினோம், பட்டை மறைந்தது.

அரை மில்லிசெகண்டுக்காக 60-க்குப் போகிறவர்கள் முதலில் ஹெட்களின் தாமத அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

தனிவலைக்காரன்

மீனா மேடம், எங்களிடமும் நான்கு ஹெட் ஒரே செல்தான். நாளைக்கே அட்டவணையைக் கேட்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி ஒரு மூலையில் ரீட்ரான்ஸ்மிஷன் கூடியிருப்பதாக ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள், நான் உலோக ரேக்குகளைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வகவாசி அண்ணே, அப்படியென்றால் 30-க்கே திரும்பி விடலாமா? பிறகு எதைத் தொட்டால் குறையும்?

ஆய்வகவாசி

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 30-க்குத் திரும்பி, அந்த வண்டிகளுக்குக் கான்ஃபிகர்ட் கிராண்ட் கொடுப்பேன். முன்கூட்டியே ஒவ்வொரு அப்லிங்க் ஸ்லாட்டிலும் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டால் ரிக்வெஸ்ட், கிராண்ட் இரண்டும் தேவையில்லை. பாக்கெட் வந்ததும் அடுத்த அப்லிங்கில் நேராகப் போகும். 0.5 முதல் 3.0 வரை. முழுதாக ஒரு சுற்று, 2.5 மில்லிசெகண்ட், கழிகிறது. 60-க்கு மாறிக் கிடைத்ததைப் போல ஐந்து மடங்கு, ஒரு மோடத்தைக்கூட மாற்றாமல்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் பேட்டர்னைத் தொடுங்கள். `ms1` வைத்தால் ஒரு கலப்பு ஸ்லாட், ஒரு அப்லிங்க் ஸ்லாட். கான்ஃபிகர்ட் கிராண்டோடு சேர்த்தால் அதிகபட்சம் 1.5. விலை டவுன்லிங்கில் தெரியும். திசை மாறும் இடைவெளிக்கு இரண்டு சிம்பல் என்றால் முன்பு 70-இல் 2, இப்போது 28-இல் 2.

இந்த 1 மில்லிசெகண்ட் பேட்டர்னில்தான் செல்வன் சொன்னது உயிர் பெறுகிறது. ரிக்வெஸ்ட் அப்லிங்க் ஸ்லாட்டில் போனால், அது முடிந்த நொடியே கிராண்ட் கிளம்ப வேண்டும், பேஸ் ஸ்டேஷனுக்குப் படிக்கவே நேரமில்லை. ஒரு சுற்று தவறும். கலப்பு ஸ்லாட்டின் வாலில் வைத்தால் நடுவில் அரை மில்லிசெகண்ட் கிடைக்கும். ஆனால் கிராண்ட் வாங்கிய மோடம் டேட்டாவைத் தயார் செய்ய 30-இல் 12 சிம்பல் கேட்கும், ஸ்லாட்டே 14 தான். கிராண்ட் முதல் சிம்பலிலேயே முடிந்தால் நூலிழையில் தப்பும். வேகமான இரண்டாம் வகைத் திறன் உள்ள மோடம் என்றால் 5.5 சிம்பல் போதும், கவலையே இல்லை.

சிக்னல்செல்வன்

நாங்கள் பார்த்த தளம் 1 மில்லிசெகண்ட் பேட்டர்ன்தான், இப்போது நினைவுக்கு வருகிறது. ஆனாலும் கேட்கிறேன், எஃப்டிடியில் இந்தத் திசைக் காத்திருப்பே கிடையாதே. அங்கே இடைவெளியைக் கூட்டினால் பாதியாகும்தானே?

ஆய்வகவாசி

15-இல் இருந்து 30-க்கு நன்றாகக் குறையும். அதன் பிறகு சிலிகான் இழுத்துப் பிடிக்கும். டவுன்லிங்க் டேட்டாவை வாங்கி ஏற்பு சொல்ல மோடத்துக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச அவகாசம், சாதாரணத் திறனில், 15-இல் 8 சிம்பல், 30-இல் 10, 60-இல் 17. நேரமாக்கினால் 0.57, 0.36, 0.30 மில்லிசெகண்ட். சிம்பல் பாதியாகிறது, டீகோடர் அதே டீகோடர். எஃப்டிடியில் நான் முதலில் தொடுவது மினி ஸ்லாட். 15-இல் இரண்டு சிம்பலில் அனுப்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.14, அது 120 கிலோஹெர்ட்ஸின் முழு ஸ்லாட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். பிரிஃபிக்ஸும் 4.69 முழுதாகக் கையில் இருக்கும்.

மீனா_ஆர்எஃப்

அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு சிம்பலில் ஒன்றை ரெஃபரன்ஸ் சிக்னல் எடுத்துக்கொண்டால் டேட்டாவுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதே பைட்டுகளைத் தள்ள அகலத்தில் நிறைய இடம் வேண்டும். செல் ஓரத்தில் இருக்கும் மோடத்துக்கு அவ்வளவு அகலத்துக்குப் பவர் போதாது. ஓரத்தில் எனக்கு 4 சிம்பல்தான் நம்பகமாக நின்றது.

தனிவலைக்காரன்

கான்ஃபிகர்ட் கிராண்டை வைத்துப் பார்த்தேன். 30-க்குத் திரும்பி, ஆறு வண்டிக்கு மட்டும். அதிகபட்சம் 3-ஐத் தாண்டவில்லை. அட்டவணையும் வந்தது, ஒரு ஹெட்டின் ஃபைபர் மற்றவற்றைவிட 260 மீட்டர் நீளம். ரேக் அல்ல, மேடம் சொன்னதேதான்.

இனி இரண்டு சிக்கல். வண்டி எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய இடம் பெரும்பாலும் வெறுமனே கிடக்கும். பலருக்கு ஒரே இடத்தைப் பகிர்ந்தால் மோதுமே, நிறுத்த சமிக்ஞை எல்லாம் ஒரே நேரத்தில்தானே வரும்? அடுத்தது, `ms1` வைக்க ஆசை. ஆனால் பக்கத்து வளாகத்தில் அதே அலைவரிசையில் வேறொருவர் 2.5-இல் ஓட்டுகிறார். நாங்கள் அப்லிங்க் கேட்கும் நேரத்தில் அவர் பேஸ் ஸ்டேஷன் பேசிக்கொண்டிருக்கும். நடுவில் சுவர் ஒன்றுதான். இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கோபுரத்தடி

பக்கத்து வலையோடு ஒத்துப் போகாமல் ஓட்டிய தளம் ஒன்று பார்த்திருக்கிறேன். அப்லிங்க் ஸ்லாட்டுகளில் சில மட்டும் இரைச்சல் தளம் தூக்கிக் காட்டும், சில அமைதியாக இருக்கும். சராசரி போட்ட கிராஃபில் ஒன்றும் தெரியாது, ஸ்லாட் வாரியாகப் பிரித்தால்தான் தெரியும். எங்களுக்குச் சுவர் போதவில்லை. உங்களுக்குப் போதுமா என்பதை அவர் ஆன் செய்திருக்கும்போது உங்கள் ரிசீவரில் ஸ்லாட் வாரியாக அளந்துதான் சொல்ல முடியும். மாற்றும் முன் அதைச் செய்துவிட்டு இங்கே போடுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.